ஜொகன்னஸ்பர்க்கில் பிடித்த வரி இந்தியாவில் எவ்வளவு கழியும்?

"2024 அக்டோபர் 28 அன்று சென்னையிலிருந்து கிளம்பினேன். நவம்பர் 1 முதல் சாண்ட்டனில் உள்ள தென்னாப்பிரிக்கக் கம்பெனியில் வேலை, மாதம் 60,000 ராண்ட். இங்கே மாதாமாதம் சம்பளத்திலேயே PAYE என்ற வருமான வரியைப் பிடிக்கிறார்கள். இந்தச் சம்பளத்தை இந்தியக் கணக்கிலும் காட்ட வேண்டும் என்கிறார் ஊரில் உள்ள ஆடிட்டர். அப்படியானால் இங்கே பிடித்த வரி முழுவதையும் அங்கே கழித்துக்கொள்ளலாமா?"

முழுவதும் கழியாது. சம்பளச் சீட்டில் PAYE என்று இருக்கும் தொகையில் பெரும்பகுதி உங்கள் விஷயத்தில் வரியே அல்ல. தென்னாப்பிரிக்க வரித்துறையான சார்ஸ் உங்களுக்குத் திருப்பித் தர வேண்டிய பணம் அது. ஜொகன்னஸ்பர்க்குக்கு ஆண்டின் நடுவில் வந்து சேரும் நம் ஆட்களில் பலர் தவறுவது இந்த இடத்தில்தான்.

ஆடிட்டர் சொன்னது சரி. வேலைக்காக வெளிநாடு கிளம்பும் இந்தியக் குடிமகன் அந்த நிதியாண்டில் 182 நாளாவது இந்தியாவில் இருந்திருந்தால் அவர் ரெசிடெண்ட். ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 28 வரை 211 நாள். ஆகவே 2024-25 நிதியாண்டுக்கு உலகில் எங்கே சம்பாதித்தாலும் இந்தியா வரி கேட்கும். செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் விமானம் ஏறியிருந்தால் இந்தச் சிக்கலே இருந்திருக்காது. மறுபக்கம், வேலை நடப்பது தென்னாப்பிரிக்காவில், சம்பளம் தருவதும் இங்குள்ள கம்பெனி. அதனால் இரு நாட்டு இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின் 15ஆம் பிரிவுப்படி இந்த நாடும் வரி போடலாம். இரண்டும் சட்டப்படி சரிதான். வசிப்பிட நாடான இந்தியா, இங்கே கட்டிய வரியைத் தன் வரியில் கழித்துத் தர வேண்டும். அதற்கான வழி வருமான வரி விதி 128, படிவம் Form 67.

அந்த விதி சொல்வது எளிது. வெளிநாட்டில் கட்டிய வரி ஒன்று, அதே வருமானத்துக்கு இந்தியாவில் வரும் வரி இன்னொன்று. இரண்டில் எது குறைவோ அதுதான் கழிவு. ஆகவே இரண்டு எண்களையும் சரியாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் எண்ணை எடுத்துக்கொள்வோம். இங்குள்ள சம்பளப் பிரிவு உங்கள் 60,000 ராண்டைப் பன்னிரண்டால் பெருக்கி, ஆண்டுக்கு 7,20,000 ராண்ட் சம்பளம் என்று வைத்துக்கொள்ளும். அந்த நிலைக்கு ஆண்டு வரி 1,97,477 ராண்ட். அதில் எல்லோருக்கும் உள்ள அடிப்படைத் தள்ளுபடி 17,235 போனால் 1,80,242. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 15,020 ராண்ட். பிடிப்பது இதைத்தான், முறைப்படி அதில் தவறில்லை. ஆனால் இந்த நாட்டு வரியாண்டு மார்ச் 1இல் தொடங்கி பிப்ரவரி கடைசியில் முடிகிறது. 2025 பிப்ரவரியில் முடிந்த ஆண்டில் நீங்கள் இங்கே வாங்கியது நான்கு மாதச் சம்பளம் மட்டும், 2,40,000 ராண்ட். முந்தைய இந்தியச் சம்பளம் இந்தக் கணக்கில் வராது, ஏனென்றால் புதிதாக வந்த நீங்கள் இங்கே ரெசிடெண்ட் இல்லை. 2,40,000 ராண்டுக்கு வரி 43,432. தள்ளுபடி போக 26,197. உங்களிடம் பிடித்திருப்பதோ நான்கு மாதத்துக்கு 60,080. அதாவது சார்ஸ் உங்களுக்குத் தர வேண்டியது சுமார் 33,900 ராண்ட்.

இதை உங்கள் கம்பெனி தரும் IRP5 என்ற ஆண்டு வரிச் சான்றிதழிலேயே பார்க்கலாம். 3200 என்ற குறியீட்டுக்கு எதிரே ஆண்டின் சம்பளக் காலங்கள் 12 என்றும், 3210க்கு எதிரே வேலை செய்த காலங்கள் 4 என்றும் இருக்கும். இந்த இரண்டு எண்களும் வேறுபட்டால், 4102இல் காட்டும் PAYE உங்கள் உண்மையான வரியைவிடக் கூடுதல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 4141இல் வரும் வேலையில்லாக் காப்பீட்டுத் தொகை வருமான வரி அல்ல. அதை எக்காரணம் கொண்டும் இந்தியக் கழிவில் சேர்க்காதீர்கள்.

அடுத்து மார்ச் மாதச் சம்பளம். இந்தியாவுக்கு அது 2024-25இன் கடைசி மாதம், இங்கே அது அடுத்த வரியாண்டின் முதல் மாதம். அந்த ஆண்டில் பன்னிரண்டு மாதமும் வேலை செய்வதால் மார்ச்சில் பிடித்த 15,020 ராண்ட் முழுக்க உண்மையான வரி. ஆகவே இந்தியாவின் 2024-25க்கு உரிய தென்னாப்பிரிக்க வரி 26,197 கூட்டல் 15,020, மொத்தம் 41,217 ராண்ட். IRP5இல் மார்ச் சம்பளம் இருக்காது. அதற்கு மார்ச் சம்பளச் சீட்டைத் தனியாக எடுத்து வையுங்கள். இதை விட்டுவிட்டு IRP5இல் உள்ளதை அப்படியே காட்டினால் ஒரு மாத வருமானம் விடுபட்டுப் போகும்.

ராண்டை ரூபாயாக்க எஸ்பிஐயின் TT எனப்படும் தந்திப் பரிமாற்ற வாங்கும் விலையைப் பயன்படுத்த வேண்டும். சம்பளம் வந்த மாதத்துக்கு முந்தைய மாதக் கடைசி நாள் விலை அது. நவம்பர் 25இல் வந்த சம்பளத்துக்கு அக்டோபர் 31 விலை. வரிக்கும் அதே முறை. அன்றன்றைய விலைப் பட்டியலின் பிடிஎஃப்பை அப்போதே சேமித்து வைத்தால் பிறகு தேடி அலைய வேண்டாம். கணக்கு விளங்குவதற்காக இங்கே எல்லா மாதத்துக்கும் 4.60 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் ஐந்து மாதச் சம்பளம் 3,00,000 ராண்ட், 13,80,000 ரூபாய். உண்மையான வரி 41,217 ராண்ட், 1,89,598 ரூபாய்.

இரண்டாவது எண் இந்திய வரி. சென்னையில் ஏழு மாதத்துக்கு 9,00,000 ரூபாய் வாங்கினீர்கள், புதிய வரி முறை, நிலைக் கழிவு 75,000 முழுவதும் இந்தியச் சம்பளத்தில் என்று கொள்வோம். மொத்த வருமானம் 22,05,000. அதற்கு வரி 3,51,500, செஸ் சேர்த்து 3,65,560. சராசரி விகிதம் 16.58 சதவீதம். அந்த விகிதத்தில் 13,80,000 ரூபாய்க்கு வரும் இந்திய வரி 2,28,786.

குறைவானது 1,89,598. உங்கள் கழிவு அதுதான்.

PAYE முழுவதையும் காட்டியிருந்தால் என்ன ஆகும்? ஐந்து மாதத்துக்கு சுமார் 3,45,464 ரூபாய் என்று போட்டிருப்பீர்கள். இந்திய வரி எல்லையால் அது 2,28,786க்குச் சுருங்கும். அப்படியும் 39,188 ரூபாய் கூடுதலாகக் கழித்திருப்பீர்கள். அதே நேரம் சார்ஸிடமிருந்து பணமும் திரும்ப வரும். திரும்பி வந்த வரிக்குக் கழிவு கேட்டதாக அது முடியும். இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. "இவ்வளவு சின்னச் சம்பளத்துக்குக் கணக்குப் போட வேண்டாம்" என்று இங்கே யாரோ சொல்வதைக் கேட்டு சிலர் சார்ஸிடம் எதுவும் கேட்பதில்லை. அந்த 33,900 ராண்டை இந்தியா ஈடு செய்யாது. கட்ட வேண்டாத வரியைக் கட்டியிருந்தால் திருப்பிக் கேட்க வேண்டிய இடம் அதைப் பிடித்த நாடுதான்.

இப்போது கசப்பான பகுதி. கழிவு போக இந்தியாவில் உங்கள் வரி 1,75,962. சென்னைக் கம்பெனி தன் 9 லட்சத்தை மட்டும் பார்த்துப் பிடித்த டிடிஎஸ் 33,800. மீதி 1,42,162 ரூபாயைக் கையிலிருந்து கட்ட வேண்டும். இரட்டை வரி நீங்கிவிட்டது என்கிறார்களே, பிறகு ஏன் இவ்வளவு என்று கேட்பீர்கள். இதில் 39,188 ரூபாய், தென்னாப்பிரிக்க வரிக்கும் இந்திய வரிக்கும் உள்ள வித்தியாசம். மிச்சம் 1,02,974 ரூபாய் உங்கள் சென்னைச் சம்பளத்தின் மீது விழுவது. இரண்டு சம்பளமும் சேர்ந்ததும் நீங்கள் 30 சதவீதப் படிக்கு ஏறிவிட்டீர்கள். அந்த ஏற்றம் இந்திய வருமானத்தின் விகிதத்தையும் தூக்கிவிடுகிறது. அதை எந்த ஒப்பந்தமும் சரிசெய்யாது. இந்தத் தொகையை மார்ச் 31க்குள் முன்வரியாகக் கட்டினால், முன்வரி குறைந்தால் விழும் 234பி வட்டி ஏறாது. டிசம்பரிலேயே ஒரு தோராயக் கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது.

வேலையின் வரிசை முக்கியம். இங்கே ஜூலையில் சார்ஸ் கணக்குக் காலம் தொடங்கும். பலருக்கு அதுவே தானாக மதிப்பிட்டு அனுப்பிவிடும். ரெசிடெண்ட் இல்லை என்று சரியாகக் குறித்திருக்கிறதா என்று பாருங்கள். ITA34 என்ற மதிப்பீட்டு அறிவிப்பு கைக்கு வந்த பிறகு இந்தியப் பக்கம் போங்கள். அங்கே முதலில் Form 67, பிறகு ITR-2. படிவத்தோடு IRP5, ITA34, மார்ச் சம்பளச் சீட்டு மூன்றையும் இணையுங்கள். வரியைப் பிடித்தவர் தரும் சான்றையும் விதி 128 ஏற்கிறது. ஆனால் ITA34 இல்லாமல் IRP5 மட்டும் இருந்தால் அது மிகைத் தொகையைத்தான் காட்டும்.

ITR-2இல் வெளிநாட்டு வருமானத்துக்கான FSI அட்டவணையிலும் வரி நிவாரணத்துக்கான TR அட்டவணையிலும் நாட்டுக் குறியீடு 27, உங்கள் சார்ஸ் வரி எண், ஒப்பந்தப் பிரிவு 15, நிவாரணப் பிரிவு 90 என்று வரும். Form 67இல் 1,89,598 போட்டு TR அட்டவணையில் 1,89,600 என்று முழுமையாக்கிவிடாதீர்கள். மூன்று இடத்திலும் ஒரே எண் இருக்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் பெங்களூரு மையத்திலிருந்து வரும் 143(1) அறிவிப்பில் கழிவு பூஜ்யமாகி, முழு வரியும் வட்டியோடு கேட்கப்படும். வெளிநாட்டுச் சொத்துக்கான FA அட்டவணையில் உங்கள் தென்னாப்பிரிக்க வங்கிக் கணக்கையும் காட்ட வேண்டும். அது மட்டும் டிசம்பர் 31இல் முடியும் நாட்காட்டி ஆண்டுக் கணக்கு.

Form 67ஐக் கணக்குத் தாக்கலுக்கு முன்பே போடுவதுதான் பாதுகாப்பு. 2022இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, மதிப்பீட்டு ஆண்டு முடியும்வரை, உங்களுக்கு 2026 மார்ச் 31 வரை, அதற்குக் காலம் உண்டு. கணக்கை மட்டும் தாமதக் கணக்குக்கான கெடுவுக்குள்ளாவது போட்டிருக்க வேண்டும். படிவம் தாமதமானது என்பதற்காக மட்டும் கழிவை மறுக்கக்கூடாது என்று கென்யாவில் சம்பாதித்த ஒருவரின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்பைக் காட்டி வாதாட வேண்டிய நிலை வருவதே அலைச்சல்தான்.

ஏற்கெனவே PAYE முழுவதையும் காட்டித் தாக்கல் செய்துவிட்டீர்கள் என்றால், சார்ஸ் பணம் வந்ததும் திருத்தக் கணக்குப் போடுங்கள். அதற்குக் கடைசி நாள் 2025 டிசம்பர் 31. அடுத்த நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருக்கப் போவதில்லை என்றால் நீங்கள் அங்கே ரெசிடெண்ட் அல்லர். சாண்ட்டன் சம்பளம் தென்னாப்பிரிக்க வங்கிக் கணக்கிலேயே வந்து விழுகிற பட்சத்தில் இந்தியாவுக்கு அதில் பங்கு இல்லை, Form 67ம் வேண்டாம்.