ஸ்லாட் விற்பவரிடம் விற்பதற்கு என்ன இருக்கிறது?

கேள்வி: அமெரிக்க விசா நேர்காணலுக்குப் பதினைந்து நாளில் தேதி உறுதி, கிடைக்காவிட்டால் பணம் வாபஸ் என்கிறார் ஒரு ஏஜென்ட். என் லாகின் விவரங்களைக் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். என் அக்கா கொடுத்தார். அதன் பிறகு நடந்தவற்றைச் சரிசெய்ய நான் உடன் இருந்தேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நேர்காணல் தேதி என்பது சினிமா டிக்கெட்டைப் போல ஒருவர் வாங்கி வைத்து இன்னொருவருக்குக் கைமாற்றக்கூடிய பொருள் அன்று. அது உங்கள் கடவுச்சீட்டு எண்ணோடும், DS-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தின் உறுதிப்பாட்டு எண்ணோடும், நீங்கள் செலுத்திய 185 டாலர் கட்டணத்தின் ரசீதோடும் பிணைக்கப்பட்டது. அந்த ஏஜென்டிடம் தனியாக எந்தத் தேதியும் இருப்பில் இல்லை என்பதால்தான் அவருக்கு உங்கள் பயனர் பெயரும், கடவுச்சொல்லும், கணக்குத் தொடங்கும்போது நீங்கள் கொடுத்த பாதுகாப்புக் கேள்விகளின் விடைகளும் தேவைப்படுகின்றன. யாரோ ஒருவர் தன் தேதியை ரத்து செய்யும்போதோ, தூதரகம் புதிய தேதிகளை மொத்தமாகத் திறந்துவிடும்போதோ உங்கள் கணக்குக்குள் நுழைந்து முந்திக்கொள்வதுதான் அவர் செய்யும் வேலை. பலர் இதற்குக் கணினி நிரல்களை ஓடவிடுகிறார்கள். இந்தியாவிலுள்ள அமெரிக்கத் தூதரகம் 2025 மார்ச்சில் இப்படி நிரல்களால் பதிவான ஏறத்தாழ 2,000 தேதிகளை ரத்து செய்வதாகவும், அந்தக் கணக்குகளின் முன்பதிவு உரிமையை நிறுத்தி வைப்பதாகவும் வெளிப்படையாக அறிவித்தது. முடங்கியது ஏஜென்டின் கணக்கு அன்று, விண்ணப்பதாரரின் கணக்கு என்பதைக் கவனியுங்கள்.

பணம் வாபஸ் என்ற உறுதிமொழிதான் எங்களையும் நம்ப வைத்தது. ஆனால் இருபது பேரின் கணக்குகளைக் கையில் வைத்திருப்பவருக்கு, தானாகத் திறக்கும் தேதிகளிலேயே நான்கைந்து பேருக்கு ஏதாவது ஒன்று அமைந்துவிடும். மற்றவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் அவருக்கு நட்டமில்லை. நட்டம் வேறு இடத்தில் விழுகிறது. இந்தியாவில் 2025 ஜனவரி முதல், ஒருமுறை பெற்ற தேதியை ஒரே ஒருமுறை மட்டுமே கட்டணமின்றி மாற்றிக்கொள்ள முடியும். அதற்குமேல் மாற்ற வேண்டுமானால் விசாக் கட்டணத்தை மறுபடியும் முழுவதுமாகச் செலுத்த வேண்டும். ஏஜென்ட் உங்கள் கணக்கில் செலவழிப்பது அந்த ஒற்றை வாய்ப்பைத்தான்.

அக்காவின் கதைக்கு வருகிறேன். மகளுக்கு நான்கு மாதத்தில் பிரசவம். அக்காவுக்குக் கிடைத்திருந்த தேதியோ பதினோரு மாதம் தள்ளி இருந்தது. அவசரத் தேதி கோரும் வசதி விசா நேர்காணலுக்குப் பதிவு செய்யும் அதே தளத்தில் இலவசமாகவே உண்டு. முதலில் ஒரு வழக்கமான தேதியைப் பதிவு செய்துவிட்டு, மருத்துவ அவசரம், நெருங்கிய உறவினரின் மரணம், கல்லூரி தொடங்கும் நாள் போன்ற காரணங்களுக்காக அதை விண்ணப்பிக்கலாம். ஆனால் திருமணம், பட்டமளிப்பு விழா, கடைசி நேரச் சுற்றுலா ஆகியவற்றோடு, கர்ப்பமான உறவினருக்கு உதவியாகச் செல்வதும் அவசரமாகக் கருதப்படாது என்று தூதரகத்தின் விதியிலேயே எழுதியிருக்கிறது. நான் இதைச் சொன்னபோது, ‘அதெல்லாம் எங்களுக்கு வழி தெரியும்’ என்று அந்த ஏஜென்ட் சொல்லியிருப்பதாக அக்கா பதில் சொன்னார். அந்த ‘வழி’ என்னவென்று பிறகுதான் தெரிந்தது.

அவர் முதல் வேலையாகக் கணக்கின் மின்னஞ்சல் முகவரியைத் தன்னுடையதாக மாற்றியிருக்கிறார். ஆகவே தளத்திலிருந்து வந்த எந்த அறிவிப்பும் அக்காவின் கண்ணில் படவில்லை. அடுத்து, அக்காவுக்கே அமெரிக்காவில் அவசர சிகிச்சை தேவை என்று எழுதி அவசரக் கோரிக்கையை அனுப்பியிருக்கிறார். ஆவணம் எதுவும் இல்லாததால் அது நிராகரிக்கப்பட்டது. அனுமதி கிடைத்திருந்தால்தான் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும் என்று நினைக்கிறேன். அவசரத்துக்குச் சொன்ன காரணம் பொய் என்று நேர்காணலில் தெரியவந்தால் அது விண்ணப்பதாரரின் கோப்பில் குறிக்கப்படும், முடிவையும் பாதிக்கலாம் என்பது தூதரகம் முன்கூட்டியே சொல்லியிருக்கும் எச்சரிக்கை. எழுதியவர் ஏஜென்ட்தான் என்று அதிகாரியிடம் சொல்லி விலகிக்கொள்ள முடியாது; கோரிக்கை போனது அக்காவின் கணக்கிலிருந்து.

அதன்பின் அவர் வேறொரு நகரத்தில் ஆறு மாதம் கழித்து ஒரு தேதி திறந்ததும் அதற்கு மாற்றிவிட்டார். பிரசவம் முடிந்து இரண்டு மாதம் ஆன பிறகு வரும் அந்தத் தேதியைக் காட்டி, ஐந்து மாதம் முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டேன், மீதிப் பணத்தைக் கொடுத்தால்தான் புதிய கடவுச்சொல்லைத் தருவேன் என்றார். இலவச மாற்றமும் அத்தோடு தீர்ந்துபோயிற்று. பதினைந்து நாள் என்பது வாய்ப்பேச்சில் மட்டுமே இருந்தது. வாட்ஸப்பில் அவர் எழுதியிருந்தது ‘சீக்கிரத் தேதி’ என்று மட்டும்தான்.

மீதிப் பணத்தை நாங்கள் கொடுக்கவில்லை. தளத்தின் உதவி மையத்துக்கு, கடவுச்சீட்டின் முதல் பக்கம், கட்டண ரசீது, DS-160 உறுதிப்பாட்டுப் பக்கம் ஆகியவற்றை இணைத்து, மின்னஞ்சல் முகவரி எங்கள் அனுமதியின்றி மாற்றப்பட்டிருக்கிறது என்று எழுதினோம். ஒன்பது நாளில் கணக்கு திரும்பக் கிடைத்தது. உடனே கடவுச்சொல்லோடு பாதுகாப்பு விடைகளையும் மாற்றினோம். விடைகளை மாற்றாவிட்டால் பழைய ஆள் மறுபடி உள்ளே வந்துவிடலாம்.

நீங்கள் ஏற்கெனவே யாரிடமாவது கொடுத்திருந்தால், அவர் அனுப்பும் பிடிஎஃப்பை நம்பாதீர்கள். உறுதிக்கடிதத்தில் தேதியைத் திருத்துவது இரண்டு நிமிட வேலை. நீங்களே உள்ளே நுழைந்து, கைரேகைக்கு ஒன்றும் நேர்காணலுக்கு ஒன்றுமாக இரண்டு தேதிகளும் அங்கே தெரிகின்றனவா, மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் உங்களுடையவைதானா, உங்களுக்குத் தெரியாமல் அவசரக் கோரிக்கை ஏதேனும் போயிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே நுழையவே முடியவில்லை என்றால் மீதிப் பணத்தை நிறுத்திவிட்டு உதவி மையத்துக்கு எழுதுங்கள்.

படிவம் நிரப்பவும் ஆவணம் அடுக்கவும் கட்டணம் வாங்கும் ஏஜென்டுகள் எல்லோரையும் நான் இதில் சேர்க்கவில்லை. அது நியாயமான வேலை. பிறர் நிரப்பிக் கொடுத்தால் அதைச் சொல்வதற்கு DS-160 படிவத்திலேயே தனிக் கேள்வியும் இருக்கிறது. தேதிக்கென்று தனிவிலை சொல்லும்போதுதான் எழுந்து வந்துவிட வேண்டும்.

அக்கா அந்த ஆறு மாதத் தேதியைக் கைவிட்டு, இன்னொரு 185 டாலர் கட்டிப் புதிதாகத் தொடங்கினார். கட்டண ரசீது 365 நாள் செல்லும் என்பதால் அவசரப்படாமல், காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை மட்டும் பார்த்தோம். ஓயாமல் பக்கத்தைப் புதுப்பித்தால் தளம் கணக்கைத் தற்காலிகமாக முடக்கிவிடும். ஐந்தாவது வாரம், யாரோ ரத்து செய்த ஒரு தேதி எங்களுக்கு அமைந்தது. பேரன் பிறந்து பத்தொன்பதாம் நாள் அக்கா போய்ச் சேர்ந்தார்.