கால்சியம் போட்டும் பொட்டாசியம் குறையவில்லையா?

"டயாலிசிஸை இரண்டு முறை தவறவிட்ட நோயாளி, சிறுநீர் போவதே இல்லை. பொட்டாசியம் 7.4, ஈசிஜியில் பி அலை காணோம், க்யூஆர்எஸ் அகன்றிருக்கிறது. 10% கால்சியம் குளுக்கோனேட் 10 மி.லி. போட்டேன். மறுபடி பார்த்தால் அதே 7.4. டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனை இரண்டு மணி நேரத் தொலைவில். அடுத்து என்ன?" – தாலுகா மருத்துவமனை மருத்துவர்

கால்சியம் வேலை செய்ததா என்பதை ஈசிஜிதான் சொல்லும், இரத்தப் பரிசோதனை சொல்லாது. கால்சியம் பொட்டாசியத்தைத் தொடுவதே இல்லை. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும்போது இதயச் செல்லின் ஓய்வுநிலை மின்னழுத்தம் தூண்டல் எல்லையை நெருங்குகிறது. சோடியம் வாயில்கள் பல செயலிழக்கின்றன, மின்கடத்தல் மந்தமாகிறது. க்யூஆர்எஸ் அகல்வது அதனால்தான். கால்சியம் அந்த எல்லையைத் தள்ளி வைக்கிறது என்பதே நெடுநாளைய விளக்கம். கால்சியம் வாயில்கள் வழியே கடத்தலை மீட்பதுதான் முக்கியம் என்று அண்மை ஆய்வுகள் சொல்கின்றன.

நீங்கள் போட்ட 10 மி.லி. போதாது. மொத்தம் 30 மி.லி.யைப் பத்து நிமிடத்தில், மானிட்டரைப் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும். மீதி 20-ஐ இப்போதே கொடுங்கள். சில நிமிடங்களில் க்யூஆர்எஸ் குறுகத் தொடங்கும். பத்து நிமிடம் கழித்தும் குறுகாவிட்டால் மறுபடி கொடுங்கள். பைகார்பனேட் ஓடும் அதே லைனில் கொடுத்தால் படிந்து அடைத்துவிடும். பலன் 30 முதல் 60 நிமிடம்தான். ஆகவே ஆம்புலன்ஸில் மானிட்டரும் கூடுதல் ஆம்பூல்களும் போகட்டும்.

கால்சியம் முடிந்ததும் 10 யூனிட் ரெகுலர் இன்சுலினை நரம்பில் கொடுங்கள், கூடவே 25% டெக்ஸ்ட்ரோஸ் 100 மி.லி. பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளுவது இன்சுலின்தான், சோடியம்-பொட்டாசியம் பம்பை முடுக்கிவிட்டு. டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரை விழாமல் காக்கவே. சர்க்கரை 250-க்கு மேல் இருந்தால் அது தேவையில்லை. குப்பியின் லேபிளை ஒருமுறை படியுங்கள்: 40 யூனிட் குப்பியில் 10 யூனிட் என்பது 0.25 மி.லி. 100 யூனிட் குப்பியிலிருந்து 40-க்கான சிரிஞ்சில் பத்தாம் கோடு வரை இழுத்தால் 25 யூனிட் போய்விடும்.

பழுதான சிறுநீரகம் இன்சுலினை மெதுவாகவே அகற்றும். டெக்ஸ்ட்ரோஸ் ஒரு மணி நேரத்தில் தீர்ந்த பிறகும் இன்சுலின் ஓடிக்கொண்டிருக்கும். தாழ்சர்க்கரை பெரும்பாலும் இப்படித்தான், நோயாளி வழியில் இருக்கும்போது வருகிறது. தொடக்கச் சர்க்கரை 126-க்குக் கீழே இருந்தால் 10% டெக்ஸ்ட்ரோஸை மணிக்கு 50 மி.லி. வீதம் ஐந்து மணி நேரம் ஓட விடுங்கள். முதல் இரண்டு மணி நேரம் அரை மணிக்கொரு முறையும், பிறகு ஆறு மணி நேரம் வரையாவது மணிக்கொரு முறையும் சர்க்கரை பாருங்கள்.

சல்பியூட்டமாலும் அதே பம்பைத்தான் முடுக்குகிறது, ஆனால் பீட்டா-2 ஏற்பி வழியாக. அதனால் இரண்டும் சேரும்போது பலன் கூடும். ஆஸ்துமாவுக்கான 2.5 மி.கி. இங்கே பயன்படாது, 10 மி.கி., அதாவது 2.5 மி.கி. ரெஸ்ப்யூல் நான்கை நெபுலைஸ் செய்யுங்கள். 20 மி.கி. வரை போகலாம், இதய நோய் உள்ளவருக்கு 10-ஐத் தாண்ட வேண்டாம், படபடப்பு மார்புவலியைக் கிளப்பும். டயாலிசிஸ் நோயாளிகளில் சிலருக்கு இது வேலையே செய்யாது, தனியாக இதை நம்பாதீர்கள்.

ஒரு மணி நேரத்தில் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 1 குறைக்கும்; 7.4 என்பது 6.4 அளவுக்கு வரலாம். உள்ளே போன பொட்டாசியம் நான்கைந்து மணி நேரத்தில் வெளியே திரும்பும், உடலை விட்டு எதுவும் போகவில்லை. சிறுநீரே இல்லாதவருக்கு ஃப்ரூசிமைடும் உதவாது. ஆகவே 6.4-ஐப் பார்த்துப் பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள். மருந்து கொடுத்த நேரங்களைக் குறிப்பில் எழுதி, டயாலிசிஸ் பிரிவை முன்கூட்டியே அழைத்துச் சொல்லிவிட்டு அனுப்புங்கள்.