97 என்ற எண்ணுக்குள் இருப்பது என்ன?

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு ஒன்பது வயது. ஆங்கிலவழிப் பள்ளியில் நான்காம் வகுப்பு. வாயால் கேட்டால் எல்லாம் சொல்கிறான். வாசிக்கச் சொன்னால் தடுமாறுகிறான், எழுத்தும் கோணல்மாணல். நாகர்கோவிலில் நுண்ணறிவுச் சோதனை செய்தோம். மொழித்திறன் 104, காட்சிவழிச் சிந்தனை 112, பணி நினைவாற்றல் 83, செயல்வேகம் 80, மொத்த ஐ.க்யூ. 97. ‘97 என்றால் சராசரி, பையனுக்குச் சோம்பல்’ என்கிறது பள்ளி. ‘நினைவாற்றல் குறைவு, எனவே டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடுதான், எங்கள் பயிற்சியில் சேருங்கள்’ என்கிறது ஒரு மையம். யார் சொல்வதைக் கேட்பது?

ஆர்., மார்த்தாண்டம்

அன்புள்ள ஆர்.,

இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம்.

முதலில் பள்ளி. இந்தச் சோதனையில் சராசரி 100. மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் 85க்கும் 115க்கும் இடையில் வருவார்கள். உங்கள் மகன் யோசிக்கும் இடங்களில் சராசரியிலும் அதற்குச் சற்று மேலும் இருக்கிறான்; நினைவில் பிடித்துவைத்துக் கையாள்வதிலும் வேகத்திலும் அதற்குக் கீழே இருக்கிறான். இரண்டையும் கலந்தால் கிடைப்பதுதான் 97. அது இரண்டில் எதையும் சொல்லாத எண். இப்படி 30 புள்ளி இடைவெளி இருக்கும்போது, நினைவாற்றலையும் வேகத்தையும் விலக்கிவிட்டுப் பொதுத்திறன் குறியீடு என்று தனியே ஒன்றைக் கணக்கிடலாம். இவனுக்கு அது 110ஐ ஒட்டி வரும். அறிக்கையில் இல்லையென்றால் சோதித்த உளவியலாளரிடமே கேளுங்கள், கணக்கிட்டுத் தருவார்.

அதற்காக மையம் சொல்வது சரியாகிவிடாது. மேடு பள்ளமான மதிப்பெண் எந்தக் குறைபாட்டுக்கும் சான்று அல்ல. நன்றாகப் படிக்கிற குழந்தைகளிலும் பலருக்கு இப்படி ஏற்ற இறக்கம் உண்டு. நினைவாற்றலும் வேகமும் சரிவது கவனக்குறைவிலும் வரும், பதற்றத்திலும் வரும், முந்தின இரவு சரியாகத் தூங்காவிட்டாலும் வரும்.

எனவே எண்ணைப் பார்ப்பதைவிட, அது எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். நீங்கள் இணைத்த தாளில், செயல்வேகத்தின் கீழ் இரண்டு துணைச்சோதனைகள் இருக்கின்றன. துணைச்சோதனைகளில் சராசரி 10. குறிகளைப் பார்த்து வரைந்து நிரப்பும் சோதனையில் இவன் 5, தேடும் குறி இருக்கிறதா இல்லையா என்று கோடு மட்டும் போடும் சோதனையில் 8. எட்டு சாதாரணம். ஐந்தோ அதற்குக் கீழோ வாங்குவது நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்து பேர்தான். இரண்டும் இரண்டே நிமிடச் சோதனைகள், இரண்டிலும் கண்ணும் வேகமும் வேண்டும். முதலாவதில் கூடுதலாக வேண்டியது பென்சில் பிடித்து வரையும் கை. கோணல்மாணல் எழுத்து என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பையனின் மூளை மெதுவானது என்று சொல்வதற்கு முன் அவனுடைய கையைச் சந்தேகிப்பேன். ஒரு துணைச்சோதனை எண்ணில் பிழை வர இடமுண்டு, மூன்று புள்ளி வித்தியாசத்தை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். அவன் பிழையில்லாமல் மெதுவாகச் செய்தானா, வேகமாகச் செய்து தப்பு விட்டானா, ஒவ்வொரு குறிக்கும் தாளின் மேலே உள்ள மாதிரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தானா என்பதைச் சோதித்தவர் குறித்து வைத்திருப்பார். மதிப்பெண்ணைவிட அந்தக் குறிப்பு பயன்படும்.

மொழித்திறனிலும் ஒன்று. இரண்டு சொற்களுக்குள்ள பொதுப்பண்பைக் கண்டுசொல்வதில் 13, சொற்பொருளில் 9. உங்கள் பக்கத்தில் வீட்டில் பேசுவது மலையாள வாடையுள்ள தமிழ், பள்ளியில் ஆங்கிலம். சோதனை எந்த மொழியில் நடந்தது, தமிழில் சொன்ன பதிலை ஏற்றார்களா என்று கேளுங்கள். ஏற்கவில்லையென்றால் அந்த 9 அவனுடைய ஆங்கிலத்தை அளந்த எண்.

டிஸ்லெக்சியாவா என்பதை ஐ.க்யூ. சோதனை தீர்மானிக்காது. அறிவுவளர்ச்சிக் குறைபாடு இல்லை என்பதைக் காட்டுவதுதான் இங்கே அதன் முக்கிய வேலை, அதைக் காட்டிவிட்டது. அடுத்து வேண்டியது வாசிப்பு, எழுத்து, கணக்குக்கான தனிச் சோதனை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் உருவாக்கிய கற்றல் குறைபாட்டுச் சோதனைத் தொகுதி இந்தியாவில் பரவலாகப் பயன்படுகிறது. அதற்கு முன் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள்.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். ‘பலகை’, ‘குதிரை’ என்று தெரிந்த சொற்கள் சிலவற்றை எழுதி வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு அதே எழுத்துகளை மாற்றி ‘லபகை’, ‘திகுரை’ என்று பொருளில்லாத சொற்களாக எழுதிக் கொடுங்கள். முதலாவதை ஓரளவு வாசித்து இரண்டாவதில் நின்றுபோனால், அல்லது ‘லபகை’யைப் ‘பலகை’ என்றே வாசித்தால், சொல்லை முழுப் படமாக நினைவில் வைத்து ஒப்பேற்றுகிறான், எழுத்தை ஒலியாக்கும் வேலை கைவரவில்லை என்று சந்தேகிக்கலாம். இதை வைத்து நீங்களே முடிவுகட்டிவிடாதீர்கள், சோதிப்பவரிடம் சொல்லுங்கள்.

நினைவாற்றல் பயிற்சிக்குப் பணம் கட்டாதீர்கள். அதில் தேறுகிற குழந்தை அந்தப் பயிற்சி விளையாட்டில்தான் தேறுகிறது, வாசிப்புக்கு அது கடத்தப்படுவதில்லை என்றே ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. வாசிப்பில் குறை உறுதியானால் எழுத்தையும் ஒலியையும் ஒழுங்காகச் சொல்லித்தரும் சிறப்பு ஆசிரியர் வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்க்கப்பட்டிருக்கிறது, சான்றிதழ் பெற்றால் தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம்.

சந்தேகத்தில் இதே ஐ.க்யூ. சோதனையை வேறோர் இடத்தில் உடனே திரும்பச் செய்யாதீர்கள். ஒரு வருடமாவது போகட்டும். பழகிய சோதனையில் மதிப்பெண் ஏறும், அதை முன்னேற்றம் என்று காட்டிப் பயிற்சி மையம் உங்களிடம் இன்னொரு பருவத்துக்கும் கட்டணம் கேட்கும்.