ஆனைக்கொய்யா ஸ்மூத்தி பழுப்பாகாமல் இருக்க

"ஹட்டனில் சின்னக் கடை. ஆனைக்கொய்யா ஸ்மூத்தி கொஞ்ச நேரத்தில் பழுப்பாகுது, அடியில் தண்ணி நிக்குது. யோகட், ஐஸ் எவ்வளவு போடணும்?"

அந்தத் தண்ணி பெரும்பாலும் உருகின ஐஸ்தான். ஹட்டன் குளிருக்கு அவ்வளவு ஐஸ் எதுக்கு? ஒரு நடுத்தரப் பழத்துக்கு 80 கிராம் யோகட் கப் ஒன்று, அரைக் கப் குளிர்ந்த பால், ஐஸ் இரண்டு மூன்று கட்டி போதும். யோகட்டையே ஐஸ் தட்டில் உறைய வைத்துப் போட்டால் இன்னும் நல்லது. உருகினாலும் ஐஸ் அளவுக்கு நீர்க்காது.

பழுப்பாக்குவது காற்று. பழத்தை வெட்டியவுடனே ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டுப் பிசறிவிடுங்கள். அரைத்த பிறகு ஊற்றினால் பிந்திவிடும். நீண்ட நேரம் அடிக்கவும் வேண்டாம். மேலே நுரை தடிப்பாக நின்றால் காற்று ஏறிவிட்டது என்று அர்த்தம். அப்புறம், போத்தலை விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். இவ்வளவு செய்தாலும் அன்றைக்கே விற்றுவிட வேண்டிய சாமான்தான்.