இன்டர்வல் ஓட்டத்தில் மணிக்கட்டு வாட்ச் ஏன் பின்தங்குகிறது?

"ஒரு நிமிடம் வேகம், ஒரு நிமிடம் மெதுவோட்டம் என்று இன்டர்வல் ஓடுகிறேன். வேகமாக ஓடும்போது வாட்ச் இதயத் துடிப்பு 135 என்கிறது, முடித்து மூச்சு வாங்கும்போதுதான் 165 காட்டுகிறது. வாட்ச் பழுதா? நெஞ்சுப் பட்டை வாங்கினால் சரியாகுமா?"

வாட்ச் பழுதில்லை. பட்டை வாங்கினால் பாதி சரியாகும். மீதித் தாமதம் உங்கள் இதயத்துடையது, அதை எந்தக் கருவியும் போக்காது.

முதலில் அதைப் பார்த்துவிடலாம். வேகத்தைக் கூட்டிய நொடியே கால்களுக்கு அதிக ஆக்ஸிஜன் வேண்டும், ஆனால் இதயம் அந்த நொடியே உச்சத்துக்குப் போய்விடாது. வேகஸ் நரம்பு போட்டுவைத்திருக்கும் பிரேக் விலகுவதால் முதல் சில நொடிகளில் துடிப்பு சட்டென்று கொஞ்சம் ஏறும், அப்புறம் சிம்பதெடிக் நரம்புகளும் அட்ரினலினும் மெல்ல மெல்லத்தான் தள்ளும். அதனால் ஒரு நிமிட ஓட்டத்தில் உச்சம் வருவது பெரும்பாலும் கடைசியில்தான். நிறுத்திய பிறகும் சில நொடிகள் அங்கேயே நிற்கும். பட்டையிலும் இது இப்படித்தான் தெரியும்.

இதற்கு மேல்தான் மணிக்கட்டின் சொந்தத் தாமதம் சேர்கிறது. பட்டை இதயத்தின் மின்சிக்னலை நேராகப் பிடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பும் கூர்மையான ஒரு முள்ளாக வரும், இரண்டு முள்ளுக்கு நடுவே எவ்வளவு நேரம் என்று பார்த்தால் போதும். வாட்ச் பார்ப்பது வெளிச்சத்தை. பச்சை எல்இடி தோலுக்குள் ஒளியை அனுப்பும், ரத்தம் கூடிக் குறைவதற்கேற்ப திரும்பிவரும் ஒளி கொஞ்சம் மாறும். துடிப்பால் வரும் அந்த மாற்றம் மொத்த ஒளியில் ஒன்றிரண்டு சதவீதம் இருந்தாலே அதிகம். கை வீசி ஓடும்போது வாட்ச் நகர்வதும் தோலுக்கடியில் ரத்தம் அலைவதும் அதைவிடப் பெரிய மாற்றத்தை உண்டாக்கும். (ரத்தம் இதயத்திலிருந்து கைக்கு வர நேரமாகிறது, அதுதான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். இல்லை, அதற்கு ஒரு நொடியில் சிறு பங்குதான் ஆகிறது.)

ஆக வாட்ச் என்ன செய்கிறது? பல நொடிகளின் சிக்னலைச் சேர்த்துவைத்து, அசைவு சென்சாரின் கணக்கை வைத்து கைவீச்சைக் கழித்து, மிச்சமிருப்பதில் துடிப்பைத் தேடுகிறது. எண் திடீரென்று தாவினால் அதைச் சந்தேகப்பட்டு, அடுத்த சில நொடிகளும் அதையே சொல்லும்வரை பழைய எண்ணுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. சீரான நீண்ட ஓட்டத்தில் இந்த ஜாக்கிரதை நல்லதுதான். இன்டர்வலில் துடிப்பு நிஜமாகவே தாவுகிறது, அங்கே இது காலை வாரிவிடும்.

உங்கள் பயிற்சியையே எடுத்துக்கொள்வோம். பட்டையில் 130-இல் தொடங்கி, 20-ஆவது நொடியில் 150, ஒரு நிமிடம் முடியும்போது 172, மெதுவோட்டம் முடியும்போது 138 என்று வருவதாக வையுங்கள். அதே நேரத்தில் மணிக்கட்டு 20-ஆவது நொடியில் இன்னும் 133 என்று இருக்கலாம், நிமிட முடிவில் 158, மெதுவோட்டத்தின் 15-ஆவது நொடியில்தான் 166, அப்புறம் 147-க்குக் கீழே இறங்குவதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும். மேடு குட்டையாகி, பள்ளம் நிரம்பி, எல்லாமே வலப்பக்கம் நகர்ந்த ஒரு வரைபடம். மொத்த ஓட்டத்தின் சராசரியைப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும், அதனால்தான் பலருக்கு இது கண்ணில் படுவதே இல்லை.

தாமதத்தைவிட மோசமான பிழை ஒன்று உண்டு. வேகம் எடுத்த சில நொடிகளிலேயே வாட்ச் 176 என்று காட்டி அங்கேயே ஆடாமல் நின்றால் சந்தேகப்படுங்கள். ஓட்டத்தின் காலடி எண்ணிக்கை நிமிடத்துக்கு 160 முதல் 180 வரை இருப்பது சகஜம், வாட்ச் துடிப்பை விட்டுவிட்டு காலடியை எண்ணத் தொடங்கியிருக்கும். காலடி வரைபடத்தை மேலே போட்டுப் பாருங்கள், இரண்டு கோடும் ஒட்டியே போனால் அதுதான்.

வாட்சையே வைத்துச் சமாளிப்பதென்றால், மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, நகராத அளவு இறுக்கிக் கட்டுங்கள், ஆனால் ரத்த ஓட்டம் தடைபடும் அளவுக்கு வேண்டாம். குளிரில் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி சிக்னல் மங்கும் என்பதால் வார்ம் அப்பைக் குறைக்காதீர்கள்.

பட்டை வாங்கினால், அதன் மின்முனைகளைத் தண்ணீரில் நனைத்த பிறகே கட்டுங்கள். காய்ந்த பட்டை வியர்வை வரும்வரை முதல் சில நிமிடங்கள் 210 என்றெல்லாம் உளறும். முடிந்ததும் மாட்டியிருக்கும் கருவியைக் கழற்றி வையுங்கள், ஈரப் பட்டையோடு விட்டால் அது விழித்தேயிருந்து பட்டன் பேட்டரியைத் தின்றுவிடும்.

ஒரு நிமிட வேகத்தைத் துடிப்பைப் பார்த்து ஓடாதீர்கள், பட்டை இருந்தாலும் சரி. 170 வரும்வரை தள்ளலாம் என்று பார்த்தால் முதல் 20 நொடியிலேயே தேவைக்கு மேல் வேகம் போய்விடும். வேகத்தைத் தூரமும் நேரமும் வைத்து முடிவு செய்யுங்கள். மூன்று, நான்கு நிமிட இன்டர்வல் என்றால் பின்பாதியில் பட்டையின் எண்ணை நம்பி ஓடலாம். நெஞ்சில் கட்டுவதே பிடிக்கவில்லையா, மேல்கையில் கட்டும் ஒளி சென்சார் இருக்கிறது. அதுவும் வெளிச்சத்தைப் பார்ப்பதுதான், ஆனால் அங்கே சதை அதிகம், ஆட்டம் குறைவு, அதனால் இன்டர்வலில் பெரும்பாலும் மணிக்கட்டைவிட நன்றாகவே தொடரும்.