அம்மாவின் ரிப்போர்ட்டில் நான்கு இடங்களில் 2

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 54, மாதவிடாய் நின்றுவிட்டது. மார்பகப் புற்றுக்காகக் கோயம்புத்தூரில் மார்பகத்தையும் அக்குள் நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் ‘கட்டி 2.8 செ.மீ., கிரேடு 2 (3+2+1), நெறிக்கட்டி 2/14, ஈ.ஆர். 90%, பி.ஆர். 40%, ஹெர்-2: 2+’ என்று இருக்கிறது. கிரேடு 2 என்றால் இரண்டாம் ஸ்டேஜ் என்கிறார் மாமா. உடம்பில் 90 சதவீதம் பரவிவிட்டதோ என்று அம்மா பயப்படுகிறார். அடுத்த வாரம் கீமோ பற்றிப் பேசக் கீழே போகிறோம். டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும்? – வாசகி, கோத்தகிரி

பதில்:

முதலில் அந்த 90 சதவீதத்தை முடித்துவிடுவோம். அது பரவிய அளவே அல்ல. பரிசோதனைக் கூடத்தில் நாங்கள் கட்டியிலிருந்து மிக மெல்லிய சீவல் ஒன்றை எடுத்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்க்கிறோம். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி இருக்கும் புற்றணுவின் உட்கரு பழுப்பாகத் தெரியும். அம்மாவின் கட்டியில் நூற்றுக்குத் தொண்ணூறு அணுக்கள் அப்படிப் பழுப்பாகியிருக்கின்றன. ஈ.ஆர். 90% என்பதற்கு இவ்வளவுதான் பொருள். பி.ஆர். என்பது புரோஜெஸ்டிரோன் ஏற்பிக்கு அதே கணக்கு.

இந்த ரிப்போர்ட்டிலேயே நல்ல வரி இதுதான். இந்தக் கட்டி ஹார்மோனை நம்பி வளர்கிறது. ஆகவே ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை அதன்மீது வேலை செய்யும். மாதவிடாய் நின்றவர்களுக்குப் பெரும்பாலும் லெட்ரோசோல் அல்லது அனஸ்ட்ரோசோல் தருவார்கள், நிற்காதவர்களுக்கு டாமாக்ஸிஃபென். தினம் ஒரு மாத்திரை, குறைந்தது 5 ஆண்டுகள். 1 சதவீதம் பழுப்பானாலே பாசிட்டிவ் என்று எழுதுவோம். 10 வரை இருந்தால் ‘குறைந்த பாசிட்டிவ்’ என்போம். 90 என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

மலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சிறிய மருத்துவமனையில் பயாப்ஸி எடுத்து, டப்பாவை வீட்டாரிடமே கொடுத்து, பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கிப் பரிசோதனைக் கூடத்துக்குப் போகச் சொல்வது உண்டு. அந்தச் சதைத் துண்டு எடுத்த ஒரு மணி நேரத்துக்குள், சதை கெடாமல் காக்கும் ஃபார்மலினில் விழ வேண்டும்; 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் அதில் ஊற வேண்டும். உப்புநீரிலோ ஈரத் துணியிலோ சுற்றி அனுப்பினால் அணுக்கள் சிதைந்து, இருக்கும் ஏற்பியும் தெரியாமல் போகலாம்; ‘ஈ.ஆர். நெகட்டிவ்’ என்று பொய்யாக வரும். இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அதே சீவலில் கட்டியின் ஓரமாக நோயில்லாத பால் குழாய்கள் தெரிந்தால், அவற்றில் சில அணுக்களாவது பழுப்பாக வேண்டும். அவையும் வெளுத்துக் கிடந்தால் அந்த நெகட்டிவை நம்பக் கூடாது. பெரும்பாலும் பாசிட்டிவாகவே இருக்கும் கிரேடு 1 கட்டிக்கு நெகட்டிவ் என்று வந்தாலும் எனக்குச் சந்தேகம் வரும். அறுவையில் எடுத்த கட்டியில் மறுபடி பார்க்கச் சொல்வேன்.

இனி அந்த 2-கள். உங்கள் ரிப்போர்ட்டில் நான்கு இடங்களில் 2 வருகிறது. நான்கும் வெவ்வேறு.

கட்டியின் அளவு 2.8 செ.மீ. இரண்டுக்கு மேல், ஐந்துக்குள் என்பதால் ரிப்போர்ட்டின் கடைசியில் டி2 என்று குறித்திருப்பார்கள். அதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

கிரேடு 2 என்பது கட்டியின் குணம். மூன்று விஷயங்களைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண் போடுகிறோம்: புற்றணுக்கள் இன்னும் குழாய் வடிவம் கட்டுகின்றனவா, உட்கருக்கள் எவ்வளவு கோணல்மாணலாக இருக்கின்றன, எத்தனை அணுக்கள் இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கின்றன. கூட்டுத்தொகை 3 முதல் 5 வரை கிரேடு 1. 6, 7 கிரேடு 2. 8, 9 கிரேடு 3. அம்மாவுக்கு 3+2+1, அதாவது 6. கிரேடு 2-இன் கீழ் விளிம்பு. கடைசியில் இருக்கும் அந்த 1 முக்கியமானது: அணுக்கள் மெதுவாகத்தான் பெருகுகின்றன. மாமா சொல்வது தவறு. நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதுதான் ஸ்டேஜ். கிரேடு அதைச் சொல்லாது.

2/14 என்பதைப் பதினான்கில் இரண்டு என்று படியுங்கள். அக்குளிலிருந்து வரும் கொழுப்புத் திரளை மேசையில் போட்டு, விரலால் நசுக்கி நசுக்கி நெறிக்கட்டிகளைத் தேடி எடுக்கிறோம். சில மொச்சை அளவு இருக்கும், சில துவரம்பருப்பு அளவுகூட இருக்காது. பதினான்கு கிடைத்திருக்கின்றன, இரண்டில் புற்று இருக்கிறது, பன்னிரண்டு சுத்தம். அக்குளை முழுதாக எடுக்கும்போது பத்துக்கு மேல் கிடைத்தால்தான் எங்களுக்குத் திருப்தி. இதே அறுவையில் 2/4 என்று வந்திருந்தால், மிச்சம் எங்கே என்று கேட்டிருப்பேன். ஒன்று முதல் மூன்று வரை பாதிப்பு என்றால் என்1, நான்கு முதல் ஒன்பது வரை என்2, பத்தும் அதற்கு மேலும் என்3. எனவே நெறிக்கட்டி இரண்டு, குறியீடோ என்1. புற்று நெறிக்கட்டியின் உறையைத் தாண்டிக் கொழுப்புக்குள் போயிருக்கிறதா என்றும் அருகிலேயே எழுதியிருக்கும். கதிர்வீச்சு வேண்டுமா என்ற பேச்சில் அந்த வரியும் வரும்.

நான்காவது 2-தான் நீங்கள் கவனிக்க வேண்டியது. ஹெர்-2 என்பது அணுவின் மேலுறையில் இருக்கும் ஒரு புரதம். அது மிகுதியாக இருந்தால் கட்டி வேகமாக வளரும். சாயத்தின் அழுத்தத்தைப் பார்த்து 0, 1+, 2+, 3+ என்று போடுகிறோம். 0, 1+ இரண்டும் நெகட்டிவ், 3+ பாசிட்டிவ். 2+ என்றால் ‘சாயத்தை வைத்து முடிவு சொல்ல முடியவில்லை’ என்றுதான் அர்த்தம். ‘+’ குறியைப் பார்த்துப் பாசிட்டிவ் என்று எண்ணும் வீட்டாரும் உண்டு, மூன்று இல்லையே என்று விட்டுவிடுபவர்களும் உண்டு. இரண்டும் பிழை. இதற்கு ஃபிஷ் என்ற அடுத்த சோதனை இருக்கிறது. அதில் புரதத்துக்குப் பதிலாக, அதை உண்டாக்கும் மரபணு ஒவ்வொரு அணுவிலும் எத்தனை பிரதி இருக்கிறது என்று ஒளிப்புள்ளிகளாக எண்ணுவார்கள்.

அந்த முடிவைப் பொறுத்து மருந்தே மாறும். மரபணு பெருகியிருந்தால் கீமோவோடு டிராஸ்டுசுமாப் ஊசியும் சேர்ந்து, மொத்தம் ஓராண்டு போகும். பெருகவில்லை என்றால் அந்த ஊசியால் பயன் இல்லை. ஸ்டேஜ் கணக்கிலும் ஹெர்-2 வருகிறது: டி2, என்1, உடலில் வேறெங்கும் பரவவில்லை என்றால் அளவையும் நெறிக்கட்டியையும் மட்டும் வைத்து 2பி என்பார்கள், 2018 முதல் நடைமுறைக்கு வந்த கணக்கு கிரேடு, ஏற்பிகள், ஹெர்-2 எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறது. அதனால் டாக்டர் இதைவிடக் குறைந்த எண்ணை எழுதினால் குழம்ப வேண்டாம்.

ஆகவே டாக்டரிடம் கேளுங்கள்: “ஃபிஷ் சோதனைக்கு பிளாக் அனுப்பியாகிவிட்டதா, முடிவு எப்போது வரும், அதைப் பார்த்த பிறகுதான் எந்தக் கீமோ என்று முடிவு செய்வீர்களா?” இதற்காக அம்மாவுக்கு மறுபடி ஊசியோ கத்தியோ தேவையில்லை. அறுவையில் எடுத்த சதை மெழுகில் பதித்துப் பரிசோதனைக் கூடத்தில் பத்திரமாக இருக்கும்; அதுதான் பிளாக். ஒரு சீட்டுக்கட்டின் பாதி அளவுகூட இராது. வேறு கூடத்துக்கு நீங்களே எடுத்துப் போகச் சொன்னால், பிளாக்கின் மேலுள்ள எண் ரிப்போர்ட்டில் உள்ள எண்தானா என்று அங்கேயே சரிபார்த்துக் கையெழுத்திட்டு வாங்குங்கள். வெயிலில் நிற்கும் காரின் முகப்பில் வைத்துவிடாதீர்கள், மெழுகு இளகிவிடும். வேலை முடிந்ததும் மீதி பிளாக்கைத் திருப்பிக் கேட்டு வாங்கி, பழைய கூடத்திலேயே ஒப்படையுங்கள். பின்னால் வேறொரு சோதனை தேவைப்பட்டால் அதே பிளாக்கில்தான் செய்வார்கள்.