ஆண்டு விழா ஒத்திகை: யாரை எப்போது கூப்பிடுவது?

மண்டபம் பக்கத்தில் ஒரு பள்ளியில் 18 வருஷம் ஆண்டு விழாப் பொறுப்பைச் சுமந்தவன் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில்.

தங்கச்சிமடம், ஆசிரியை: 14 நிகழ்ச்சி சார். தினமும் கடைசி பீரியடில் எல்லாரையும் கூப்பிடுறோம். பாதிப் பேர் சும்மா உட்கார்ந்திருக்காங்க.

முதலில் பெயர்ப் பட்டியலை எடுத்து, இரண்டு நிகழ்ச்சிகளில் இருக்கிற பிள்ளைகளை மட்டும் வட்டமிடுங்கள். ஒரு வருஷம் எங்களிடம் 130 பிள்ளைகள் ஆடினார்கள். வட்டம் விழுந்தது 13 பேருக்குத்தான். ஒத்திகையைக் குழப்புவது அந்த 13 பேர். வட்டமிட்ட பிள்ளை யாரும் பொதுவாக இல்லாத நிகழ்ச்சிகளை ஒரே நேரத்தில், வேறு வேறு இடத்தில் நடத்தலாம். கும்மி மைதானத்தில் என்றால் நாடகம் வகுப்பறையில்.

அப்புறம் டீச்சர்களையும் வட்டமிட வேண்டும். நான் முதல் வருஷம் இதை விட்டுவிட்டேன். நாடகத்துக்கும் வில்லுப்பாட்டுக்கும் ஒரே தமிழம்மாதான். பிள்ளைகள் மோதவில்லை, அம்மா இரண்டு இடத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர் பெட்டி ஒன்றுதான் என்றால் அதையும் ஓர் ஆளாகக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப் பிரித்தபோது எங்கள் 14 நிகழ்ச்சியும் 4 வேளையில் அடங்கியது.

தொண்டி, ஆசிரியர்: சின்ன வகுப்பு முதலில், பெரிய வகுப்பு கடைசியில். விழா வரிசை இதுதான். இதையே ஒத்திகைக்கும் வைத்தால் போதுமே?

சின்னப் பிள்ளைகள் முதலில் என்பது சரி. எட்டு மணிக்கு மேல் எல்கேஜி பிள்ளை மேடையிலேயே தூங்கிவிடும். ஆனால் உடை மாற்றும் கணக்கை அந்த வரிசை பார்ப்பதில்லை.

எங்கள் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒயிலாட்டத்திலும் நாடகத்திலும் இருந்தாள். உடை மாற்ற அவளுக்கு 12 நிமிஷம். நிகழ்ச்சி ஒன்று 5 நிமிஷம், இடைவெளி 2 நிமிஷம் என்று வையுங்கள். நடுவில் ஒரே நிகழ்ச்சி இருந்தால் கிடைப்பது 9 நிமிஷம்; தலைமுடி பாதியில் நிற்கும். இரண்டு இருந்தால் 16. அதனால் நாடகத்தை இரண்டு இடம் தள்ளினோம். விழா வரிசையை இப்படி முடிவு செய்தபிறகு, கடைசி வாரத்தில் மட்டும் அதே வரிசையில் ஓட்டிப் பாருங்கள். அதற்கு முந்தைய வாரங்களுக்கு அது தேவையில்லை.

கீழக்கரை, பெற்றோர்: ஒயிலாட்டத்துக்கு டிரஸ் வாடகைக்கு எங்கே கிடைக்கும்? நோன்பு மாசத்தில் சாயங்காலம் 5 மணிக்கு மேல் பிராக்டிஸ் வைக்கிறாங்க, பிள்ளை வாடிப்போகுது.

டிரஸ் கடை பற்றி நான் சொல்ல மாட்டேன், ராமநாதபுரத்தில் விசாரியுங்கள். ஆனால் வாடகை உடை விழா நாளன்று காலையில்தான் வரும் என்றால், தலைப்பாகையையாவது முந்தைய வாரமே வாங்கிக் கட்டி ஆடச் சொல்லுங்கள். அது அவிழ்ந்து விழுவது மேடையில்தான் முதல் தடவை தெரியும்.

நோன்பு பற்றிக் கேட்டது நியாயம். ரமலான் ஒவ்வொரு வருஷமும் 11 நாள் அளவு முன்னால் நகர்கிறது. போன வருஷ அட்டவணையை அப்படியே எடுத்து ஒட்டுவதால்தான் இது நடக்கிறது. நோன்பு வைக்கிற பிள்ளைகள் இருக்கிற நிகழ்ச்சிகளைக் காலையில் முதல் பீரியடுக்குக் கேளுங்கள்.

தேவிபட்டினம், மைக் செட்: நாலு நாள் முன்னாடியே வரச் சொல்றாங்கண்ணே, கட்டுப்படியாகல. முதல் நாள் சாயங்காலம் போதாதா?

போதும் தம்பி, ஆனால் அந்த மாலையில் யாரும் முழுசாக ஆடக் கூடாது. உள்ளே வருவது, பாட்டின் முதல் 20 விநாடி, கடைசி 20 விநாடி, வெளியே போவது. நிகழ்ச்சிக்கு 3 நிமிஷம் வைத்தால் 14-க்கும் 42 நிமிஷம். முழுசாக ஆடவிட்டால் இருட்டிவிடும், கடைசி நான்கு நிகழ்ச்சிக்கு மைக்கே கிடைக்காது. பாட்டுகளை 01, 02 என்று எண் போட்டு ஒரே பென் டிரைவில் வாங்கிக்கொள். டீச்சர் போனில் பாட்டு ஓடும்போது அழைப்பு வந்த கதை எங்கள் ஊரில் இன்னும் பேசப்படுகிறது.

மேடை எத்தனை அடி என்று பந்தல்காரரிடம் முதல் வாரமே கேட்டு, மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடச் சொல். 24 அடி மேடைக்கு 40 அடி மைதானத்தில் பழகினால் ஓரத்தில் இருப்பவன் கீழே இறங்கிவிடுவான். திரை கட்டுகிற ஆள் விசைப்படகில் போகிறவராக இருந்தால், காலையில் கிளம்பினால் மறுநாள் காலைதான் கரை. அவர் இருக்கிற மாலையைக் கேட்டுவிட்டே ஒத்திகை நாளைக் குறிக்கணும். வாடைக்காற்றில் பின்திரை பாய்போல உப்பும். கீழ்ப்பக்கத்தையும் கட்டச் சொல்.

பாம்பன், ஆசிரியர்: பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் சேர்க்கலாமா? ஹெச்.எம். வேண்டாம் என்கிறார்.

எனக்கும் இதில் தீர்மானம் கிடையாது. செய்முறைத் தேர்வு நேரத்தில் இழுத்துவிட்டுத் திட்டு வாங்கியிருக்கிறேன். ஒரு வருஷம் முழுசாக விலக்கி, அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமலும் இருந்திருக்கிறேன். கடைசியில் வாரம் ஒரே ஒத்திகை போதும் என்கிற குழுப்பாட்டை மட்டும் கொடுத்தேன். அதுவும் எல்லாருக்கும் பிடிக்கவில்லை.